வெள்ளை எங்கிருந்து வருகிறது?

"பழைய போட்டோ இருக்கா?" என்று காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் கேட்டேன். பித்தளை அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே நாற்பது ஐம்பது படங்கள், எல்லாமே பழுப்பு. "எல்லாம் நூத்தம்பது வருஷத்துது சார்" என்றார் கடைக்காரர். பழுப்பானதெல்லாம் பழசு என்று நம்பினால் அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

நான் முதலில் படத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, வேட்டியைப் பார்க்கிறேன். அதுதான் படத்தில் வெளுப்பான இடம். அந்த வெள்ளை எதனால் ஆனது என்று கண்டுகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இதற்கு வேண்டியதெல்லாம் ஜன்னலோர வெளிச்சமும், வைரம் பார்க்க நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸும்தான். லென்ஸில் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த படம். அதை டின்னிலேயே போட்டுவிடலாம்.

அன்று டின்னில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிய, தடித்த அட்டை. அதன்மேல் மெல்லிய படம் ஒட்டியிருந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர், பக்கத்தில் முக்காலி. லென்ஸை வேட்டிமேல் வைத்தபோது, மெல்லிய பளபளப்புக்கு அடியில் காகிதத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரிந்தது. நார் தெரிந்ததுமே ஆல்புமென் படமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஆல்புமென் என்றால் முட்டையின் வெள்ளைக்கரு. 1850இல் பிரான்சில் பிளாங்கார் எவ்ரார் என்பவர் அறிமுகப்படுத்திய முறை இது. மெல்லிய காகிதத்தின்மேல் உப்புக் கலந்த வெள்ளைக்கருவைப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிடுவார்கள். அதன்மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாகவே கருத்து எழும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆலை ஒன்று மட்டும் 1888இல் இந்தக் காகிதத்துக்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை உடைத்தது. மஞ்சள் கருவையெல்லாம் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆக, ஆல்புமென் படத்தில் வெள்ளை என்பது முட்டைப் பூச்சு வழியே தெரியும் வெறும் காகிதம். பின்னால் வந்த ஜெலட்டின் படங்களில் காகிதத்துக்கும் படத்துக்கும் நடுவே பெரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு ஒன்று சேர்ந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல அது நாரை மூடிவிடும். 1890களில் வந்த ஜெலட்டின் படமும் ஆல்புமெனும் நிறத்தில் ஒன்றுபோலவே ஊதா கலந்த பழுப்பாக இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

நாரைப் பார்த்த பிறகு நிறத்தையும் ஒரு துணைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். முட்டைப் பூச்சு வயதாக ஆக மஞ்சளாகிவிடும். வெளுப்பான இடங்களில்தான் வெள்ளி குறைவு, அதனால் நுணுக்கங்கள் முதலில் அழிவதும் அங்கேதான். நம் பெரியவரின் வேட்டி பழைய தந்தத்தின் நிறத்துக்கு வந்திருந்தது, மடிப்புகள் கரைந்து போயிருந்தன. கோட்டின் இருட்டு மட்டும் திடமாக நின்றது. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்புகள். காகிதமும் பூச்சும் ஈரத்தில் ஒரே அளவு விரிந்து சுருங்காததால் வந்த வெடிப்பு அது. அட்டையில் ஒட்டியதற்கும் அதுதான் காரணம். ஒட்டாமல் விட்டால் ஆல்புமென் தாள் சுருண்டுகொள்ளும்.

டின்டைப் ஆல்புமெனுக்கு நேர்மாறு. அமெரிக்காவில் 1856இல் காப்புரிமை பெற்ற முறை. பெயரில் தகரம் இருந்தாலும் அடியில் இருப்பது கறுப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளி ஏற்றி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இதில் கறுப்பு என்பது தகட்டின் கறுப்பு. வெள்ளை என்று நாம் காண்பது அதன்மேல் படிந்த வெள்ளித் துகள். அதனால் டின்டைப்பில் தும்பைப்பூ வெள்ளை கிடையாது. மிக வெளுத்த சட்டையும் ஆறிய பால்காப்பி நிறத்தில்தான் இருக்கும். இரும்புதானா என்று பார்க்க, காந்தத்தைப் பின்பக்கமாக, ஒரு தாளை இடையில் வைத்து அருகே கொண்டுபோனால் போதும். தேய்த்தால் வார்னிஷ் உரிந்துவிடும். தகடு இழுபடவில்லை என்றால் யோசிக்க வேண்டும். இன்று இந்த முறையில் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் அலுமினியத் தகட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டின்டைப்பில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் இருந்த தகடே படமாகிவிடுவதால் இடம் வலமாகிவிடும். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டின் புகழ்பெற்ற டின்டைப்பில் கைத்துப்பாக்கி அவன் இடது இடுப்பில் தொங்குகிறது. அதைப் பார்த்து அவன் இடதுகைக்காரன் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1958இல் அவன் கதையை 'இடதுகைத் துப்பாக்கி' என்ற பொருள்படும் தலைப்பிலேயே சினிமாவாகவும் எடுத்தார்கள். ஆனால் அவன் பிடித்திருக்கும் நீளத் துப்பாக்கி 1873 மாடல் வின்செஸ்டர். அதில் தோட்டா நுழைக்கும் வாய் வலப்பக்கம் மட்டுமே உண்டு, படத்திலோ இடப்பக்கம் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் போட்டால் தோட்டா வாயும் சரியான இடத்துக்கு வரும், கைத்துப்பாக்கியும் வலது இடுப்புக்குப் போய்விடும். டின்டைப் கையில் கிடைத்தால் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது, மோதிரம் எந்தக் கையில் என்று பாருங்கள்.

கண்ணாடி நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேள்வி, அது ஈரத்தட்டா உலர்தட்டா என்பது. 1851இல் ஆர்ச்சர் என்பவர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையில் புகைப்படக்காரரே கண்ணாடியை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, தோசைக்கல்லில் மாவு பரப்புவதுபோலச் சாய்த்துச் சாய்த்துக் கொலோடியனைப் பரப்ப வேண்டும். அதனால் ஒரு மூலையில் பூச்சு இருக்காது, சில சமயம் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருக்கும். ஓரத்தில் வழிந்த கோடுகளும் உண்டு. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே இறந்த புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் இப்படிப்பட்ட கறைகளையும் வழிசல்களையும் மறைக்காமலே படம் அச்சிட்டார். 1880களில் பரவிய உலர்தட்டில் ஜெலட்டின் பூச்சு இயந்திரம் பூசியது. விளிம்புவரை சீராக இருக்கும், வயதானால் ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஏறும்.

கொலோடியனுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. அந்தக் காலப் படத்தில் அரக்குப் பட்டு கறுப்பாகவும் மஞ்சள் பூசிய முகம் கருத்தும் விழும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கண்ணாடி கிடைத்தால் தூசியென்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். மங்கலாக இருக்கும் பக்கம்தான் படம், ஜெலட்டின் என்றால் நனைந்ததும் ஊறி உரிந்து வந்துவிடும். விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு கறுப்புத் துணிமேல் மங்கல் பக்கம் மேலாக வைத்துச் சாய்வாகப் பாருங்கள். உலர்தட்டு என்றால் கறுப்பு கறுப்பாகவே கிடக்கும். ஈரத்தட்டில் வெள்ளி பெரும்பாலும் பாலாடை நிறம். துணியின் கறுப்பு அதற்குப் பின்னால் வந்ததும், டின்டைப்பில் நடப்பதே இங்கும் நடக்கும். அதுவரை கரிபோல் இருந்த வேட்டி மெல்ல வெளுத்து, நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.