தாளாளரும் ஒலிவாங்கியும்

"பள்ளித் தாளாளர் அவர்களை விழாக் குழுவின் சார்பில் வரவேற்கிறேன்." மேடை அறிமுகத்தில் அன்றாடம் கேட்கும் இந்த வாக்கியத்தின் அழகு முழுக்க நாக்கின் வேலைதான். ளகரத்துக்கு நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்துக்கு அதே வளைவு, ஆனால் தொடாமல் காற்றை விட வேண்டும். தொட்டுவிட்டால் 'விழா' 'விளா' ஆகிவிடும். வளைக்காமல் தொட்டால் 'தாளாளர்' 'தாலாலர்'. ஒலிவாங்கி குரலைப் பெரிதாக்குமே தவிர, நாக்கு செய்யாததைச் செய்யாது. நெடிலுக்கும் இதே கதிதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது இலக்கணக் கணக்கு. எதிரொலிக்கும் மண்டபத்தில் குறிலும் நீண்டு கேட்கும். அவசரப்பட்டால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. அங்கே கத்துவதைவிட நிதானிப்பதே மேல்.

ழகரம் பல வட்டாரப் பேச்சில் ளகரமாகிவிட்டதே, யாருக்கும் புரியாமலா போகிறது என்று கேட்கலாம். நியாயம்தான், உரையாடலில் பக்கத்துச் சொற்கள் கைகொடுக்கும். முதன்முறையாகச் சொல்லப்படும் பெயருக்கோ ஊருக்கோ அந்தத் துணை இல்லை. அழுத்திச் சொன்னால் செயற்கையாகாதா? ஆகும், ழகரத்தை ரகரம்போல உருட்டுகிறவர்களே சாட்சி. தேவை அழுத்தமல்ல, நாக்குக்குச் சரியான இடமும் ஒலிக்குப் போதிய நேரமும். அறிமுகம் செய்கிறவர்கள் பெயர்களை மட்டுமாவது முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.