எட்டரை சதவீதக் கடன் ஆறு சதவீதமாகக் குறையுமா?

வீட்டுக் கடன் வாங்கியவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, அதைக் கடனில் கட்டிவிடலாமா என்று யோசிக்கும்போது யாராவது தடுப்பார்கள். "அவசரப்படாதே. நீ 30 சதவீத வரி அடுக்கில் இருக்கிறாய். கட்டும் வட்டிக்கு வரிக் கழிவு உண்டு. எட்டரை சதவீத வட்டி உனக்கு உண்மையில் ஆறு சதவீதம்கூட இல்லை." அலுவலகத்திலும் வங்கியிலும் குடும்பத்திலும் இதைக் கேட்காதவர்கள் குறைவு. இந்தக் கூற்று எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதை நம்பி லட்சக்கணக்கான ரூபாயை வேறு இடத்தில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கூற்றின் அடிப்படை சரியானதே. கட்டிய வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க முடிந்தால், அந்த வட்டிக்கு உரிய வரி மிச்சமாகும். 30 சதவீத அடுக்கில் 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் வரி 31.2 சதவீதம். 100 ரூபாய் வட்டி கட்டினால் 31 ரூபாய் 20 காசு வரியாகத் திரும்புகிறது. கையைக் கடித்தது 68 ரூபாய் 80 காசு. ஆகவே 8.5 சதவீதம் 5.85 ஆகிறது. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அதே கடன் 6.73, 5 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 8.06. ஒரே வங்கி, ஒரே வட்டி. அடுக்கு உயர உயரக் கடன் மலிவாகிறது.

இந்தக் கணக்கு, கட்டும் வட்டி முழுவதும் கழிவாகும் என்று எடுத்துக்கொள்கிறது. நாமே குடியிருக்கும் வீட்டுக்கு வருமான வரிச் சட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு. 2014ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ஒன்றரை லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு அது. அதன்பின் வீட்டு விலை எங்கோ போய்விட்டது. வரம்பு அங்கேயே நிற்கிறது.

40 லட்சம் ரூபாய்க் கடனை எடுத்துக்கொள்வோம். வட்டி 8.5, காலம் 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் ஆண்டில் வட்டியாக மட்டும் போவது 3 லட்சத்து 37 ஆயிரம். அதில் கழிவாவது 2 லட்சம். 30 சதவீத அடுக்கில் மிச்சமாகும் வரி 62,400 ரூபாய். மொத்த வட்டியோடு வைத்துப் பார்த்தால் கடனின் உண்மை விலை 5.85 அல்ல, 6.93. 20 சதவீத அடுக்கில் அது 7.45.

சராசரியையும் விட்டுவிடுங்கள், இதைவிட முக்கியமானது அடுத்த ரூபாயின் விலை. கையில் இருக்கும் 5 லட்சத்தை இப்போது கடனில் கட்டினால் வட்டி ஆண்டுக்கு சுமார் 42,500 ரூபாய் குறையும். மீதமுள்ள வட்டி அப்போதும் 2 லட்சத்தைத் தாண்டியே நிற்கும். வரிக் கழிவில் ஒரு ரூபாயும் போகாது. எனவே அந்த 5 லட்சத்தின் விலை முழு எட்டரை சதவீதம். கடன் பாக்கி ஏறத்தாழ 23.5 லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆண்டு வட்டி 2 லட்சத்துக்குள் வரும், 5.85 என்ற எண்ணுக்கும் உயிர் வரும். தவணையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் நம் உதாரணத்தில் அது பதின்மூன்றாம் ஆண்டில்தான் நடக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய வரி முறைக்கு. புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது. அப்படியானால் பழைய முறையிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

2025-26 நிதியாண்டில் ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் வாங்கும் ஒருவர், இதே 40 லட்சம் கடனோடு இருக்கிறார் என்று வைப்போம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வருங்கால வைப்பு நிதியும் கடன் அசலும் சேர்ந்து ஒன்றரை லட்சம், வீட்டு வட்டி 2 லட்சம். போக மிஞ்சுவது 11 லட்சம். செஸ்ஸோடு வரி 1,48,200 ரூபாய். புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டுமே. 14.25 லட்சத்துக்கு வரி 97,500. வீட்டுக் கடன் கழிவை முழுதாக எடுத்த பிறகும் பழைய முறையில் அவர் 50,700 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 கழித்தாலும் இந்த இடைவெளி மூடாது.

வரிச் சலுகையின் மதிப்பை அளக்க நேர்மையான வழி ஒன்றுதான். கடன் இல்லாவிட்டால் அவர் கட்டக்கூடிய மிகக் குறைந்த வரி என்ன, கடன் இருக்கும்போது கட்டக்கூடிய மிகக் குறைந்த வரி என்ன? இவருக்கு இரண்டுமே 97,500. சலுகையின் மதிப்பு பூஜ்யம். கடன் விலை எட்டரை. "62,400 மிச்சம்" என்று தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம், பையில் வராது.

அப்படியானால் யாருக்குத்தான் பலன்? ஆண்டுக்கு 25 லட்சம் சம்பளம், வேலை ஓர் ஊரில், சொந்த வீடு இன்னோர் ஊரில், வேலைபார்க்கும் ஊரில் வாடகை வீடு என்று இருப்பவரைப் பாருங்கள். வாடகைப்படி விலக்காக அவருக்கு 6 லட்சம் கிடைக்கிறது என்றால், வட்டிக் கழிவோடு பழைய முறையில் வரி 2,73,000. புதிய முறையில் 3,19,800. பழைய முறை வெல்கிறது. ஆனால் கடனே இல்லாதிருந்தால் பழைய முறையில் 3,35,400 ஆகியிருக்கும். அவர் புதிய முறைக்குப் போய் 3,19,800 கட்டியிருப்பார். ஆக, கடனால் அவருக்குக் கிடைத்தது 46,800 ரூபாய். இவருக்கும் 62,400 இல்லை.

வீட்டை வாடகைக்கு விட்டவர் நிலை வேறு. அவருக்கு 2 லட்ச வரம்பு இல்லை. புதிய முறையிலும், வாடகையில் 30 சதவீதம் போக மிஞ்சும் தொகைவரை வட்டியைக் கழிக்கலாம். அதற்கு மேலான நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட அங்கே வழியில்லை.

என் தீர்ப்பு இது. சொந்த வீட்டில் குடியிருந்து, 15 லட்சம் அளவில் சம்பளம் வாங்கி, வாடகைப்படி விலக்கு இல்லாதவருக்கு 5.85, ஆறு என்ற பேச்சு தவறு. அவர் கடனை எட்டரை என்றே எண்ணி, அவசரத் தேவைக்கு ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடனில் கட்டுவது நல்லது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அதே பணத்தை 7 சதவீத வைப்பில் போட்டால், அந்த வட்டிக்கும் வரி உண்டு. அவருடைய 15 சதவீத அடுக்கில் கையில் நிற்பது 5.9 சதவீதம்.

பழைய முறை உண்மையிலேயே வெல்லும் சிலருக்கும், கடன் பாக்கி 23.5 லட்சத்துக்குக் கீழே இறங்கும்வரை இதே பதில்தான். அதற்குப் பிறகு அவர்களுக்கு அடுத்த ரூபாய்க் கடன் 5.85. அப்போதும் வைப்பு நிதி தோற்கும். கடன் வட்டியைக் குறைத்துக் காட்டும் அதே 31.2 சதவீத வரி வைப்பு வட்டியையும் வெட்டி, 7 சதவீதத்தை 4.8 ஆக்கிவிடுகிறது. வரி இல்லாத பிபிஎஃப் மட்டும் 7.1 சதவீதத்தோடு கடனை முந்தும். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்வரை, பதினைந்து ஆண்டுப் பூட்டைத் தாங்க முடிந்தால்.