அரை சென்டிமீட்டரில் தொலைந்த பள்ளம்

தங்கத்தின் ஐம்பது வருட சார்ட்டை யார் நீட்டினாலும் என் கண் முதலில் 1976 ஆகஸ்டைத்தான் தேடும். வலது ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் ஏற்றத்தைப் பார்த்து மற்றவர்கள் வியந்துகொண்டிருப்பார்கள். நான் இடது பக்கம் கீழே ஒரு பள்ளம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அது லாக் சார்ட், உட்கார்ந்து படிக்கலாம். அந்த இடம் வழுவழுவென்று தட்டையாக இருந்தால் லீனியர். அதை வைத்து எந்த ஏற்றம் பெரிது என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பள்ளத்தின் மேல் எனக்கு இத்தனை பிரியம் ஏன் என்றால், தங்கத்தின் வரலாற்றிலேயே அதிகம் மறக்கப்பட்ட வீழ்ச்சி அது. அமெரிக்கர்கள் தனியாகத் தங்கக் கட்டி வாங்கி வைக்க 1933 முதல் தடை இருந்தது. 1974 டிசம்பர் 31 அன்று அது நீங்கியது. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் கடைக்கு ஓடிவருவார்கள் என்று நம்பி அதற்கு முன்பே பலர் வாங்கிக் குவித்தார்கள். லண்டனில் அவுன்ஸ் 195 டாலர் வரை போனது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1975 ஜனவரியிலேயே அமெரிக்கக் கருவூலம் தன் கையிருப்பிலிருந்து ஏலம் விட்டது. 1976 ஜூனில் பன்னாட்டு நிதியமும் ஏலத்தைத் தொடங்கியது. அந்த ஆகஸ்டு முடிவில் விலை சுமார் 103 டாலர். இருபதே மாதத்தில் 47 சதவீதம் காணாமல் போயிருந்தது.

இதை இரண்டு விதமாகவும் வரைந்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 21 சென்டிமீட்டர் உயரத் தாள் ஒன்று போதும். லாக் தாளில் கீழ்க்கோடு 32 டாலர். அங்கிருந்து 64, 128, 256, 512, 1024, 2048, 4096 என்று ஏழு படிகள், படிக்கு 3 சென்டிமீட்டர். லீனியர் தாளில் கீழே பூஜ்யம், மேலே அதே 4096. இப்போது 1974-76 வீழ்ச்சி லீனியர் தாளில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. கூர்மையில்லாத பென்சிலால் வரைந்தால் கோட்டின் தடிமனிலேயே கரைந்துவிடும். லாக் தாளில் அது 2.8 சென்டிமீட்டர்.

2011 செப்டம்பரில் 1,895 டாலரில் இருந்து 2015 டிசம்பரில் 1,049 டாலருக்கு இறங்கியதே, அது லீனியர் தாளில் 4.3 சென்டிமீட்டர் ஆழம். லாக் தாளில் 2.6 தான். 45 சதவீத இழப்பு, 1974-76 இழப்பைவிட ஒரு இழை குறைவு. 1980 ஜனவரியின் 850 டாலரில் தொடங்கி 1999 கோடையில் 252 வரை நீண்ட வீழ்ச்சியோ 70 சதவீதம். லாக் தாளில் 5 சென்டிமீட்டரைத் தாண்டும். லீனியர் தாள் அதை 3 சென்டிமீட்டராக்கி, 2011க்குப் பிந்தைய இறக்கத்தைவிடச் சின்னதாகக் காட்டுகிறது. மூன்று வீழ்ச்சிகளின் வரிசையே மாறிவிடுகிறது.

ஏற்றங்களும் அப்படியே. 103இல் வாங்கியவர் 1980 ஜனவரியில் எட்டு மடங்குக்கு மேல் பார்த்தார், அதுவும் மூன்றரை வருடத்துக்குள். லாக் தாளில் 9 சென்டிமீட்டர். 1049இல் தொடங்கி 2025 அக்டோபரில் 4,000 டாலரைக் கடந்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது. அது நான்கு மடங்குக்கும் சற்றுக் குறைவு, லாக் தாளில் 6 சென்டிமீட்டருக்குள் அடங்கும். லீனியர் தாளில் அதுவே 15 சென்டிமீட்டராக வானளாவ நிற்க, 1976-80 ஏற்றம் அதன் காலடியில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவான மேடாகக் கிடக்கிறது. உயரத்தைவிடச் சரிவைப் பார்ப்பது இன்னும் நல்லது. லாக் தாளில் எந்த இடத்திலும் ஒரே சரிவு என்றால் ஒரே சதவீத வேகம். அன்றைய ஏற்றம் வருடத்துக்குச் சராசரியாக 85 சதவீதம், பிந்தையது 15 சதவீதத்தை ஒட்டி. ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்தாலே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

35 டாலரிலிருந்து அளந்தால் 24 மடங்கு என்று சொல்வோர் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு பிடிப்பதில்லை. 35 என்பது 1934இல் அமெரிக்க அரசு கட்டிவைத்த விலை. 1971 ஆகஸ்டில் நிக்சன் கட்டை அவிழ்த்த பிறகு வந்த முதல் எழுச்சியில் எவ்வளவு சந்தையுடையது, எவ்வளவு அடைத்து வைத்திருந்ததன் விளைவு என்று பிரிக்க முடியாது. 103 சந்தையே இறங்கிக் கண்ட அடி. அளவை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

பணவீக்கத்தைக் கழித்த சார்ட்தான் உண்மையானது என்கிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 1980இன் 850 டாலர் 2025இன் பணத்தில் சுமார் 3,500. லாக் தாளுக்கு அது தெரியாது, தெரியும் என்று அது சொல்லவும் இல்லை. ஆனால் கழித்த பிறகும் அதை லீனியரில் வரைந்தால் பழைய குறை கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். கடன் வாங்கி வியாபாரம் செய்கிறவருக்கு நூறு டாலர் இறக்கம் நூறு டாலர் இறக்கம்தான், அவருக்கு லீனியரே சரி. மூன்று மாத சார்ட்டில் இந்த வாதமே வேண்டாம். விலை பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் அசையும்போது இரண்டு தாளும் ஒன்றுபோலவே இருக்கும். விலை இரண்டு மூன்று முறை இரட்டித்திருந்தால்தான் பேச்சு.

நம் ஊரில் "தங்கம் இறங்கினதா சரித்திரமே இல்லை" என்பார்கள். டாலரில் 70 சதவீதம் போன அந்த இருபது வருடத்தில் ரூபாயில் விலை ஏறியது, ஏனென்றால் ஒரு டாலர் 8 ரூபாயிலிருந்து 43 ரூபாயாகியிருந்தது. ரூபாய் சார்ட்டை லாக்கில் படிக்கும்போதும் ரூபாய் மதிப்பின் இந்தச் சரிவு உள்ளே ஒளிந்திருப்பதை மறக்கக் கூடாது.

முன்பெல்லாம் செமி-லாக் தாள் வாங்கி மாத முடிவு விலையைப் பென்சிலால் குறிப்போம். கோடுகள் மேலே போகப் போக நெருங்குவதைப் பார்த்தபடி புள்ளி வைத்தவர்களுக்கு, தாங்கள் மடங்கை வரைகிறோம் என்பது கையிலேயே பதிந்திருந்தது. இன்று பல செயலிகளும் பத்திரிகைகளும் நாற்பது ஐம்பது வருட விலையை லீனியரில் போட்டு, "வரலாறு காணாத ஏற்றம்" என்று தலைப்பும் வைத்துவிடுகின்றன. செங்குத்து அச்சில் எந்த அளவுகோல் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. 

எக்செல் வைத்திருப்பவர்கள் நாற்பது வருட மாத விலையை இட்டு, செங்குத்து அச்சின் Format Axis பகுதியில் Logarithmic scale என்பதைத் தேர்ந்து, Base 10 என்று இருப்பதை 2 ஆக்கி, Minimum இடத்தில் 32 இட்டுப் பாருங்கள். மேலே சொன்ன படிகள் தாமே வந்து நிற்கும். 1999இன் அடி 256 கோட்டை ஒட்டியும் 2015இன் அடி 1024 கோட்டை ஒட்டியும் கிடப்பதைக் காணலாம். அங்கிருந்து தொடங்கிய ஏற்றம் 1976-80 ஏற்றத்தின் உயரத்தை எட்ட வேண்டுமானால் அவுன்ஸ் 8,650 டாலரைத் தொட வேண்டும்.