முதுவேனிலில் மழை

தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளுக்கும் இரண்டிரண்டு திங்களாக உரையாசிரியர் வகுத்தனர். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இளமையும் முதுமையும் வெப்பத்தின் பருவங்களாம். ஆயின், ஸ்ரீவராகத்தில் நம் பிள்ளைகள் ஆனியில் குடை பிடித்தன்றோ பள்ளி செல்கின்றனர்? பெயர் பொய்த்ததோ? இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறைக்கும் கீழ்த்திசை நிலத்திற்கே அப்பெயர் பொருந்தும். மலைக்கு இப்பால் வைகாசி நடுவிலேயே இடவப்பாதி மழை தொடங்கிவிடுகிறது. கருமுகிலால் பெயர்பெற்ற கார், ஆவணியும் புரட்டாசியும். இங்கோ ஆவணியில் ஓணவெயில் ஒளிர்கிறது. ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிர் மட்டும் இரு நிலத்திற்கும் ஒக்கும். குளிர்காற்றைச் சுட்டும் அச்சொல்லின் காலத்தில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை மலையின் இருமருங்கும் பொழிகிறது. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இவற்றைத் திங்கட்பட்டியலாக மட்டும் கற்பிப்பது குறையே; எந்நிலத்து வானிலை என்பதையும் உடன் உரைத்தல் வேண்டும்.