பழைய சம்பளத்தைச் சொல்ல மறுப்பது சரியா?

வேலை மாற விண்ணப்பித்தவருக்கு ஹெச்ஆரிடமிருந்து வரும் முதல் அழைப்பில் மூன்று கேள்விகள் தவறாமல் இருக்கும். இப்போது சிடிசி எவ்வளவு, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். பின்னிரண்டும் வரப்போகும் வேலையைப் பற்றியவை. முதல் கேள்வி மட்டும் வேறோர் இடத்தில், வேறொருவர் போட்ட கணக்கைக் கேட்கிறது. இதற்குப் பதில் சொல்ல மரியாதையாக மறுக்கலாமா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. எந்த நிலையிலும் சொல்லக்கூடாது என்கிறது ஒன்று. மறைத்தால் சந்தேகப்படுவார்கள், வேலையே போய்விடும் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்பதைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கேட்ட எண்ணை நிறுவனம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் சம்பளப் பேச்சு பெரும்பாலும் ‘ஹைக்’ என்ற சொல்லைச் சுற்றியே நடக்கும். பழைய சிடிசிக்கு மேல் இருபது சதவீதமா, முப்பதா என்பதுதான் பேரம். ஒரே அனுபவமும் ஒரே திறமையும் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு 6 லட்சம் வாங்குகிறார், மற்றவர் 9 லட்சம். புதிய வேலைக்கு நிறுவனம் ஒதுக்கியிருப்பது 10 முதல் 13 லட்சம். இருவருக்கும் முப்பது சதவீதம் ஹைக் என்றால் ஒருவருக்கு 7.8 லட்சம், மற்றவருக்கு 11.7 லட்சம். முதலாமவருக்குக் கிடைத்தது நிறுவனமே ஒதுக்கிய கீழ் வரம்பைவிடக் குறைவு. அடுத்த வேலையிலும் இதே முப்பது கிடைத்தால் 10.14 லட்சமும் 15.21 லட்சமும் ஆகும். 3 லட்சமாக இருந்த இடைவெளி 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதில் யாரும் யாரையும் வேண்டுமென்று வஞ்சிக்கவில்லை. ‘நியாயமான’ ஒரே சதவீதமே இதைச் செய்தது. கல்லூரி வளாகத் தேர்வில் குறைவான சம்பளத்துக்குச் சேர்ந்தவரும், பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த வேலையை ஒப்புக்கொண்டு திரும்பியவரும் அந்த ஒரு முடிவின் விலையைப் பத்து ஆண்டுகள் கழித்தும் கொடுத்துக்கொண்டிருப்பது இப்படித்தான்.

இந்தக் கணக்கு நீதிமன்றம் வரை போனதுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகம் 2009இல் ஐலீன் ரைஸோ என்ற கணித ஆசிரியையை ஆலோசகராகச் சேர்த்தது. அந்த அலுவலகத்தின் விதி எளியது: முந்தைய சம்பளத்தோடு ஐந்து சதவீதம் சேர்த்து, அதற்குரிய படியில் அமர்த்து. அவருக்கு அந்தக் கூட்டலும் அடிமட்டத்தை எட்டவில்லை. அதனால் முதல் படியிலேயே அமர்த்தப்பட்டார். 2012இல், புதிதாகச் சேர்ந்த ஆண் ஒருவர் அதே வேலைக்கு ஒன்பதாம் படியில் தொடங்கியது அவருக்குத் தெரியவந்தது. வழக்குப் போட்டார். ஆண் பெண் ஊதிய வேறுபாட்டுக்கு முந்தைய சம்பளத்தை நியாயமாகக் காட்ட முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அது வெளிவரும் முன்பே இறந்துவிட்டதால் உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2020இல் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் அதே முடிவுக்கு வந்தது. பழைய சம்பளம் திறமையை அளக்கும் கோல் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே சட்டங்கள் வரத் தொடங்கின. மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் இயற்றிய சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரத்தில் 2017 இறுதியிலும் கலிபோர்னியாவில் 2018 தொடக்கத்திலும் சம்பள வரலாற்றைக் கேட்பது தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறையும், விண்ணப்பதாரரிடம் பழைய ஊதியத்தைக் கேட்கக்கூடாது என்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பெஸ்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தடை வந்த இடங்களில் வேலை மாறியவர்களின் ஊதியம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் உயர்ந்ததாகவும் பெண்களுக்கு அது எட்டு சதவீதமாக இருந்ததாகவும் கண்டது. கேள்வி இல்லாமல் போனால் குறைவாக வாங்கியவர்தான் அதிகம் மேலே வருகிறார் என்பதே இதன் பொருள்.

இனி எதிர்த்தரப்பு. நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் வலுவானது ஒன்று உண்டு: எங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காதவரை நான்கு சுற்று நேர்காணலுக்கு இழுத்தடித்து இருவர் நேரத்தையும் வீணாக்க வேண்டுமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குத் தேவையான விடை ‘எதிர்பார்ப்பு எவ்வளவு’ என்ற இரண்டாவது கேள்வியிலேயே கிடைத்துவிடுகிறது. பழைய சம்பளம் ஒருவரின் மதிப்பைக் காட்டும் என்ற இன்னொரு வாதம் ஃப்ரெஸ்னோவிலேயே விழுந்துவிட்டது.

விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து எழும் எதிர்ப்புத்தான் உண்மையில் கடினமானது. அதிகம் வாங்குபவர் தானாகவே சொல்லிவிடுவார். அப்படியானால் சொல்லாதவர் குறைவாக வாங்குபவர் என்று கேட்பவர் ஊகித்துவிட மாட்டாரா? ஊகிக்கக்கூடும். பேஸ்கேல் நிறுவனம் 2017இல் நடத்திய ஒரு கருத்தாய்வில், சம்பளம் கேட்கப்பட்டு மறுத்த பெண்கள், சொன்ன பெண்களைவிட 1.8 சதவீதம் குறைவாகப் பெற்றிருந்தார்கள். மறுத்த ஆண்களோ 1.2 சதவீதம் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். மறுத்ததால்தான் இப்படி ஆனது என்று இந்த ஆய்வால் நிறுவ முடியாது. ஆனாலும் அதை ஒதுக்கிவிடவும் முடியாது. பெண் மறுத்தால் பிடிவாதம், ஆண் மறுத்தால் தன்னம்பிக்கை என்று பார்க்கும் கண் எந்த ஊர் நேர்காணல் அறையிலும் இருக்கும். எனவே, வெறுமனே வாயை மூடிக்கொள்வது நல்ல உத்தியல்ல. மௌனம் விட்ட இடத்தில் ஒரு எண்ணை வைத்தாக வேண்டும். அது நம்முடைய எண்ணாக இருக்க வேண்டும்.

அந்தப் பேச்சு நடைமுறையில் இப்படிப் போகும். மேலே சொன்ன 6 லட்சக்காரர் அழைப்பை எடுக்கும் முன்பே அந்த வேலைக்குச் சந்தையில் என்ன கொடுக்கிறார்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து வைத்திருக்கிறார். கேள்வி வந்ததும் சொல்கிறார்: “மேடம், இப்போ வாங்குறதைவிட இந்த வேலைக்கு நான் எதிர்பார்க்குறதைச் சொல்லிடுறேன். பதினொண்ணுல இருந்து பன்னெண்டரை லட்சம். உங்க பட்ஜெட் இதுக்குள்ள வருதுங்களா?” ஒரே மூச்சில் மூன்று காரியங்கள் நடந்துவிட்டன. மறுப்பு சொல்லாகவே வரவில்லை, கேட்டவருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது, பதில் சொல்ல வேண்டியது இப்போது அவர் முறை. மறுபடி கேட்டால், “அந்தப் பொறுப்பும் இந்தப் பொறுப்பும் வேற மேடம், அதை வச்சு இதைக் கணக்குப் போட்டா சரியா வராது. வரம்பு ஒத்துவந்தா மேற்கொண்டு பேசலாம்” என்று ஒருமுறை சொல்லலாம். பணி ஒப்பந்தத்தில் சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற விதி உண்மையிலேயே இருந்தால் அதையும் காரணமாகக் காட்டலாம். இல்லாத விதியைச் சொல்லக்கூடாது.

மூன்றாவது முறையும் கேட்டு, சொல்லாவிட்டால் விண்ணப்பத்தை மேலே அனுப்ப முடியாது என்றால், இங்கே நம் பக்கம் நிற்கச் சட்டம் இல்லை. இந்தியாவில் பழைய சம்பளத்தைக் கேட்பதற்குத் தடை கிடையாது. இந்த இடத்தில் இரண்டு வழிகள்தான். வேறு வாய்ப்பு கையில் இருப்பவர் நன்றி சொல்லி விலகலாம். வேலை அவசியமாகத் தேவைப்படுபவர் உண்மையான எண்ணைச் சொல்லி, “ஆனா நான் எதிர்பார்க்குறது அதை வச்சு இல்ல, இந்த வேலையை வச்சு” என்று தன் வரம்பை உடனே திரும்பச் சொல்லலாம். இதில் தோல்வி ஏதும் இல்லை.

எண்ணைக் கூட்டிச் சொல்லும் மூன்றாவது வழியைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மறுப்பு ஆகாது, பொய். பணியில் சேரும் நேரத்தில் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் படிவம் 16உம் சில இடங்களில் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பது இங்கே வழக்கம். சொன்ன எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஆஃபர் ரத்தாகும். சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலை போகும். இணைய விண்ணப்பத்தில் எண் போடாமல் நகராத கட்டம் வந்தால், அங்கே எதிர்பார்ப்பை எழுதுவதும் இதே ஆபத்துத்தான். பூஜ்யம் போட்டால் பொய்யாகாது, ஆனால் வடிகட்டும் மென்பொருள் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடக்கூடும். அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் மூலமாக விண்ணப்பம் போவதே மேல்.

அந்தத் தாள்களைப் பார்த்தால், கடைசியில் எப்படியும் தெரியத்தானே போகிறது, முதலில் மறைத்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் வரிசையில் இருக்கிறது. 11 லட்சம் என்று ஆஃபர் எழுத்தில் வந்த பிறகு 6 லட்ச பே ஸ்லிப்பைப் பார்ப்பவர் ஒரு முடிவை மாற்ற வேண்டியிருக்கும். முதல் அழைப்பிலேயே 6 லட்சம் என்று கேட்டவர் அதிலிருந்து முடிவைத் தொடங்குவார். மாசசூசெட்ஸ் சட்டமும் இதே வரிசையைத்தான் காக்கிறது: சம்பளத்தோடு ஆஃபர் கொடுத்த பிறகு பழைய ஊதியத்தைச் சரிபார்க்க அது அனுமதிக்கிறது. ஆகவே ஆஃபர் கையில் வரும் வரை தாள்களை அனுப்பாமல் இருப்பதும், வந்த பிறகு தயங்காமல் கொடுப்பதும்தான் முறை. தாளைப் பார்த்த பிறகு ஆஃபரைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த அபாயம் முழுதாக நீங்காது.

மறுக்கவே வேண்டாத இடங்களும் இருக்கின்றன. சந்தை விலையைவிட அதிகம் வாங்குபவர் சொல்லிவிடுவது அவருக்கு லாபம். ஓர் அரசுப் பணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி ஊதியப் பாதுகாப்பு கோருபவர் கடைசி ஊதியச் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே பழைய எண்தான் அவருடைய உரிமைக்கு ஆதாரம்.

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. பழைய சம்பளத்தைச் சொல்ல மறுப்பது நேர்மையானது, குறைவாக வாங்குபவருக்குத் தேவையானதும்கூட. ஆனால் அது ஆஃபர் வரும்வரைக்கான உத்தி. சொந்த எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிகபட்சம் இரண்டு முறை, பணிவாக மறுக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் பொய் கலக்கக்கூடாது. இதன் சுமை முழுவதையும் தனி ஆளின் நாவன்மையில் ஏற்றிவைப்பது நியாயம் ஆகாது, பேசத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பது உரிமையும் ஆகாது. நம் நாட்டிலும் இந்தக் கேள்வியைச் சட்டம் தடுக்க வேண்டும். அதுவரை ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த அழைப்பில் முதல் கேள்வியை விட்டுவிட்டு, இந்த வேலைக்கு உங்கள் வரம்பு என்ன என்பதை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.