மூலத்துக்கு ஓர் அனுமதி போதுமா?

ஒரு நூலைத் தமிழில் கொண்டுவர யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டால், ஆசிரியரிடம் அல்லது அவருடைய வாரிசிடம் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உலக இலக்கியத்தைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகப் பெறும் நமக்கு இந்தப் பதில் போதாது.

ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1942இல் பிரெஞ்சில் வெளிவந்தது. காம்யு 1960இல் இறந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். ஆகவே 2020 முடிவோடு இங்கே அது தீர்ந்துவிட்டது. பிரெஞ்சு மூலத்திலிருந்து இன்று யாரும் தமிழாக்கலாம். ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் ஆங்கில ஆக்கத்திலிருந்து செய்தால் நிலைமை வேறு. மொழிபெயர்ப்பும் சட்டத்தின் பார்வையில் தனிப் படைப்பு. கில்பர்ட் 1969இல் இறந்ததால், அவருடைய வாக்கியங்களுக்கு 2029 முடியும்வரை உரிமை உண்டு. இலங்கையிலோ 70 ஆண்டுக் கணக்கு. தமிழ்நூல் அங்கும் விற்கப்படுமானால் காம்யுவின் உரிமையே 2030 இறுதிவரை குறுக்கே நிற்கும்.

இப்படி மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனித்தனியே அனுமதி கேட்கும் ஏற்பாட்டின் வலிமை, ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் உழைப்பையும் அது மதிப்பதுதான். உரிமத்தை எழுத்தில் வாங்கினால் பதிப்பகத்துக்கும் பாதுகாப்பு. காலமும் நிலப்பரப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள், இந்தியா மட்டும் என்றே இந்தியச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

குறையும் உண்டு. வாரிசு எங்கிருக்கிறார் என்றே தெரியாத நூல்கள் பல. வெளிநாட்டு முகவர் கேட்கும் முன்பணம், சில நூறு பிரதிகள் அச்சிடும் பதிப்பகத்துக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். நூல் வெளியாகி 7 ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழில் மொழிபெயர்ப்பு வராவிட்டால், கட்டாய உரிமம் கேட்க அச்சட்டத்தின் 32ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் உரிமையாளரிடம் கேட்டு மறுக்கப்பட்டதையோ, தேடியும் கிடைக்காததையோ விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். சிறு பதிப்பகம் இந்த நடைக்குத் துணிவது அரிது. விளைவு, சிலர் நூலைக் கைவிடுகிறார்கள். சிலர் கேட்காமலே அச்சிடுகிறார்கள்.

கேட்காமல் அச்சிடுபவர்கள் சொல்லும் சமாதானம், ‘ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டோமே’ என்பது. பெயர் போடுவது அனுமதிக்கு ஈடாகாது. அனுமதி வாங்கியதாலும் பெயர் போடும் கடமை தீர்ந்துவிடாது. படைப்பு தன்னுடையது என்று கோரவும், தன் பெயருக்கு இழுக்காகும் சிதைவைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனி உரிமை தருகிறது. பதிப்புரிமை தீர்ந்த நூலுக்கும் மூலத் தலைப்பு, மொழி, ஆண்டு, ஆங்கிலம் வழி வந்ததெனில் அந்த மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகியவற்றை உரிமைப் பக்கத்தில் அச்சிடுவதே நேர்மை. அப்போதுதான் எதிலிருந்து எது வந்தது என்று வாசகர் ஒப்பிட முடியும்.

அனுமதி முறையின் குறைகள் செலவையும் தாமதத்தையும் சார்ந்தவை. அவற்றுக்காக முறையையே புறக்கணிப்பது சரியல்ல. முதல் பக்கத்தைப் பெயர்க்கத் தொடங்கும் முன்பே மூலம், ஆங்கில ஆக்கம் ஆகிய இரண்டின் உரிமைகளையும் விசாரித்துவிட வேண்டும். முழு நூலையும் முடித்துவிட்டு அனுமதி கேட்பவரிடம் பேரம் பேசும் பலம் எதுவும் மிஞ்சாது.