காப்பியக் கூறுகளை இனங்காணும் முறை: கம்பனின் இரண்டு உவமைகள் வழி ஒரு மதிப்பீடு

இளங்கலை வகுப்பில் காப்பியம் பயிலும் மாணவர், தொடக்க வாழ்த்து எங்கே உள்ளது, தலைவன் யார், நீள் உவமைகள் எவை என்று தேடிக் குறித்துக்கொள்ளும் முறையிலேயே பெரும்பாலும் பயிற்றப்படுகின்றனர். இம்முறையின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டவல்ல நிகழ்ச்சி ஒன்று, 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முந்தைய வரலாற்றோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. கல்லூரி நகருக்குள் இருந்த காலத்தில், அதன் முதல்வர் வில்லியம் மில்லர் டென்னிசனின் கவிதையைக் கற்பித்து, படகின் இயக்கத்துக்கு அன்னத்தை உவமையாக்கிய நயத்தை விளக்கினார் என்றும், அப்போது மாணவராக இருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பின்னாளில் பரிதிமாற்கலைஞர் எனப் பெயர் பூண்டவர், அத்தகைய உவமை கம்பனில் முன்பே உண்டென்று கங்கைப் படலத்துச் செய்யுளை எடுத்துக்காட்டினார் என்றும் அச்செய்தி வழங்குகிறது.

ஒரே கூறு இரு மொழிக் கவிதைகளிலும் இருப்பதைக் கண்டறிந்ததனால்தான் இவ்வொப்பீடு பிறந்தது. கூறுகளுக்குப் பெயரிட்டு அறியும் பழக்கம் இன்றேல் இரு நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாயிலே திறவாது. இதுவே இம்முறையின் வலிமை. ஆயினும் ஒற்றுமையைக் கண்டதோடு நின்றுவிடின் முதன்மையான வேறுபாடு தவறிப்போகிறது. டென்னிசனின் அன்னம் இறக்குமுன் பாடுகிறது, சிறகைச் சிலிர்க்கிறது, கரிய பாதங்களால் நீரில் இறங்குகிறது. படகைச் சற்றே மறக்கச்செய்து, உவமை தனக்கென ஒரு சிறு காட்சியாக விரிகிறது. ஹோமரிடமிருந்து மேலைக் காப்பிய மரபு பெற்ற நீள் உவமையின் இயல்பு இதுவே. கம்பனிலோ அன்னம் ஒரு தொடர் அளவில் தோன்றி மறைகிறது. ஆனால் அதே செய்யுளில், கரையில் நின்ற மறையோர் தீயிற்பட்ட மெழுகுபோல் உருகினர் என்று இரண்டாம் உவமை வருகிறது. ஓடம் எளிதாக விரைவதும், அவ்விரைவே நிற்பவர்க்குத் துயராவதும் இரண்டு குற்றுவமைகளின் மோதலால் உணர்த்தப்படுகின்றன. நீளத்தை மட்டும் அளவாகக் கொள்ளும் மாணவர் இச்செய்யுளில் காப்பிய உவமை இல்லையென்று எழுதிவிடக்கூடும்.

கம்பனிடம் விரிந்த உவமை இல்லை என்பதும் பொருந்தாது. ஆரணிய காண்டத்துச் சூர்ப்பணகைப் படலத்தின் தொடக்கத்தில், கோதாவரி ஆறு சான்றோரின் கவிக்கு ஒப்பாகக் கூறப்படுகிறது. அவ்வொப்புமை ஒரு செய்யுள் முழுவதும் நிலவுகிறது. துறை என்பது ஆற்றில் இறங்கும் இடத்தையும் அகப்பாடலின் துறையையும் குறிக்க, ஐந்திணை என்பது ஆறு பாயும் நிலங்களையும் கவிதையின் ஒழுக்கங்களையும் குறிக்க, தெளிவும் தண்மையும் ஒழுக்கும் இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்துகின்றன. ஒரு சொல்லே இருபொருள் தரும் இவ்வணி சிலேடை எனப்படும். ஹோமரின் உவமை பொருளைவிட்டு விலகிச் சென்று விரிய, கம்பனின் உவமை ஒவ்வொரு சொல்லிலும் பொருளைப் பற்றிக்கொண்டே விரிகிறது. இரண்டையும் நீள் உவமை என்னும் ஒரே பெயரால் குறித்து நகர்வது இவ்வமைப்பு வேறுபாட்டை மறைத்துவிடும்.

பிற கூறுகளிலும் இதே சிக்கல் உண்டு. வாழ்த்து, வணக்கம், வருபொருள் என்னும் மூன்றில் ஒன்று முன்வருதல் பெருங்காப்பிய இலக்கணம் என்று தண்டியலங்காரம் கூறுகிறது. ஹோமர் கலைத்தெய்வத்தை அழைத்துக் கதையைச் சொல்லுமாறு வேண்டுகிறார். கம்பனின் முதற்செய்யுளோ படைத்தலும் காத்தலும் அழித்தலும் விளையாட்டாக உடைய தலைவரிடம் அடைக்கலம் புகுகிறது. முன்னது கதை எங்கிருந்து வருகிறது என்பதையும், பின்னது கவி யாரைச் சார்ந்து நிற்கிறார் என்பதையும் உணர்த்துகின்றன. அவ்வாறே, தன்னிகர் இல்லாத தலைவன் என்ற இலக்கணத்தை இராமனுக்குப் பொருத்திவிட்டால் வாலிவதைப் படலம் எளிதாகிவிடாது. மறைந்து நின்று எய்த தலைவனை வாலி வினவும் வினாக்களுக்குக் கம்பன் தரும் வலிமையே அப்பகுதியின் உயிராகும். கூறு பொருந்தும் இடத்தைவிட, அது இறுக்கத்தோடு நிற்கும் இடமே ஆராயத்தக்கது.

ஆகவே கூறுகளை இனங்காணல் கைவிடத்தக்கதன்று. அது ஆய்வின் முதற்படி என்னும் அளவில் கொள்ளத்தக்கது. ஓர் உவமையைக் குறித்த மாணவர், அது எத்தனை அடி நீள்கிறது என்பதோடு, அதிலுள்ள விவரங்களுள் எவை பொருளோடு ஒக்கின்றன, எவை விலகிச் செல்கின்றன, அடுத்துவரும் தொடர் அதை எவ்வாறு மாற்றுகிறது என்று வினவுதல் வேண்டும். கங்கைப் படலத்து அன்னத்தை இவ்வாறு ஆராய்பவர்க்கு, மெழுகைச் சேர்த்துப் படிக்காமல் அதன் பொருள் முற்றுப்பெறாது என்பது புலப்படும்; உவமையின் பெயரை மட்டும் எழுதிய விடைக்கும் காப்பியத்தைப் படித்து எழுதிய விடைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் வெளிப்படுகிறது.